வாழைக்காயுடன் ஆப்பிளை வைத்தால் சீக்கிரம் பழுக்குமா? எத்திலீன் வாயுவும் வீட்டில் பழுக்க வைக்கும் முறையும்

ஜமைக்கா தீவிலிருந்து வாழையும் ஆரஞ்சும் கப்பலேறிய காலத்தில், 1910-ல், அங்கிருந்த வேளாண்மைத் துறையின் ஆண்டறிக்கை ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஆரஞ்சையும் வாழைத்தாரையும் ஒரே இடத்தில் அடுக்காதீர்கள், ஆரஞ்சிலிருந்து கிளம்பும் ஏதோ ஒன்று வாழையை முன்கூட்டியே பழுக்க வைக்கிறது என்பதுதான் அது. எழுதியவர் கசின்ஸ் என்ற வேதியியலாளர். ஒரு பழம் விடும் வாயு இன்னொரு பழத்தைப் பழுக்க வைக்கும் என்பதற்கான மிகப் பழைய பதிவுகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல ஆரஞ்சு அந்த வாயுவைக் கிட்டத்தட்ட விடுவதே இல்லை. அந்தக் கப்பலில் ஆரஞ்சுகளுக்கு நடுவே அழுகல் இருந்திருக்க வேண்டும், அந்தப் பச்சைப் பூஞ்சைதான் வாயுவைத் தந்திருக்கும் என்பது பின்னால் வந்தவர்களின் கணிப்பு. கவனித்தது சரி, குற்றம் சாட்டிய பழம்தான் தவறு. 1934-ல் ரிச்சர்ட் கேன் என்பவர் இங்கிலாந்தில் பழுக்கும் ஆப்பிள்கள் விடும் வாயுவைச் சேகரித்து, அது எத்திலீன்தான் என்று வேதியியல் முறையில் நிரூபித்தார்.

ஆக, பக்கத்துப் பழத்தால் வாழை சீக்கிரம் பழுக்குமா என்ற கேள்விக்குப் பதில் "பழுக்கும்" என்பதுதான். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. பக்கத்தில் இருப்பது எத்திலீன் விடும் பழமாக இருக்க வேண்டும். காற்று ஓரளவு அடைபட்டிருக்க வேண்டும். வாழை இன்னும் பழுக்கத் தொடங்காத, நன்கு விளைந்த காயாக இருக்க வேண்டும். மேசைமேல் திறந்த கூடையில் மஞ்சள் வாழைக்குப் பக்கத்தில் ஆப்பிளை வைத்துவிட்டு "ஆப்பிளால்தான் சீக்கிரம் கனிந்துவிட்டது" என்று சொல்பவர்கள், இந்த மூன்றில் இரண்டை விட்டுவிடுகிறார்கள்.

எத்திலீன் உள்ளே போய் என்ன செய்கிறது

எத்திலீன் மிக எளிய வாயு. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான். செடிகள் இதைத் தங்களுக்குள்ளேயே மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்கின்றன. கடைசிப் படிக்கு ஆக்சிஜன் வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பிளாஸ்டிக் பை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பழத்தின் செல்களுக்குள் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. இவை வேலை செய்யும் விதம் கொஞ்சம் தலைகீழானது. எத்திலீன் வந்து ஏற்பியை முடுக்கிவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. எத்திலீன் இல்லாத நேரத்தில்தான் ஏற்பிகள் மும்முரமாக வேலை செய்து, பழுக்கும் வேலைகளைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. கல்யாண வீட்டில் பந்திக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி. எத்திலீன் வந்து ஒட்டியதும் அந்த ஆள் கையை எடுத்துவிடுகிறார், கதவு திறந்துகொள்கிறது.

திறந்ததும் பல வேலைகள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடக்கின்றன. பச்சை வாழையின் சதையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. அதை நொதிகள் உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. நன்கு கனிந்த பழத்தில் ஒன்றிரண்டு சதவீத மாவுதான் மிஞ்சும். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைவதால் சதை இளகுகிறது. தோலில் பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. துவர்ப்பு குறைகிறது, வாசனை கிளம்புகிறது.

இதையெல்லாம்விட முக்கியமானது இன்னொன்று. எத்திலீன் பட்ட வாழை தானே எத்திலீன் செய்யத் தொடங்கிவிடும், அதுவும் முன்பு செய்ததைவிடப் பல மடங்கு. அந்த வாயு அதன்மேலேயே வேலை செய்து இன்னும் அதிக வாயுவைக் கிளப்பும். ஆகவே வெளியிலிருந்து வரும் எத்திலீனின் வேலை தொடங்கி வைப்பது மட்டும்தான். தொடங்கிய பிறகு ஆப்பிளை எடுத்துவிட்டாலும் பழுப்பது நிற்காது, கூட நான்கு ஆப்பிள் வைத்தாலும் பெரிதாக வேகம் கூடாது.

இப்படி, பறித்த பிறகும் தானே எத்திலீனைப் பெருக்கிப் பழுக்கும் வகையில் மா, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, தக்காளி, ஆப்பிள் எல்லாம் சேரும். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி இந்த வகையில் வராது.

முதல் படி: காய் விளைந்திருக்கிறதா, ஏற்கெனவே வாயு பட்டிருக்கிறதா

விளையாத காயை எந்த வாயுவாலும் நல்ல பழமாக்க முடியாது. காயின் நீளவாக்கில் ஓடும் முனைகளைத் தடவிப் பாருங்கள். அவை கூர்மையாகக் கையில் தட்டினால் இளங்காய். முனை மழுங்கி, காய் உருண்டு திரண்டிருந்தால் விளைந்தது. இளங்காய் பழுத்தாலும் தோல் சுருங்கி, சதை சப்பென்று ரப்பர் போல இருக்கும். ஒரே தாரிலும் மேல் சீப்பு மூத்தது, கீழ்ச் சீப்பு இளையது. மூத்த காய்க்குக் குறைந்த வாயுவும் குறைந்த நேரமும் போதும்.

அடுத்த கேள்விதான் பலரும் கேட்காதது. கடையில் வாங்கிய சீப்பு லேசாகப் பச்சையாக இருந்தாலும், அது பெரும்பாலும் மண்டியிலேயே பழுக்கப் போட்டு வந்ததாகத்தான் இருக்கும். பழுக்க வைக்கும் அறையில் பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கு எத்திலீன் கலந்த காற்றில், 16 முதல் 18 டிகிரி குளிரில், ஒன்று அல்லது இரண்டு நாள் வைத்திருப்பார்கள். பழைய முறையில் மூட்டம் போடுபவர்கள், அடைத்த அறையில் வைக்கோலையோ காய்ந்த சருகையோ புகைய விடுவார்கள். அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு, அறையின் சூடும் சேர்ந்து வேலை செய்யும். எப்படியானாலும், வீட்டுக்கு வரும் முன்பே கதவு திறந்தாகிவிட்டது. அந்தச் சீப்போடு ஆப்பிளை வைத்தாலும் வைக்காவிட்டாலும் கிட்டத்தட்ட அதே நாளில்தான் பழுக்கும்.

பழுக்கத் தொடங்கிய காயைக் கண்டுபிடிக்கும் வழி நிறம்தான். கரும்பச்சை வெளிறி, பக்கவாட்டில் எலுமிச்சை நிறம் லேசாக எட்டிப் பார்த்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் வெட்டிய தார், அல்லது மண்டியில் "பழுக்கப் போடாத காய்" என்று கேட்டு வாங்கியதுதான் இந்த வழிகாட்டிக்கு ஏற்றது.

இரண்டாம் படி: துணைப் பழத்தைத் தேர்ந்தெடுப்பது

பழங்கள் விடும் எத்திலீனின் அளவு ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும். 20 டிகிரியில் ஒரு கிலோ பழம் ஒரு மணி நேரத்தில் விடுவதைப் பார்த்தால், ஆப்பிளும் பப்பாளியும் 10 முதல் 100 மைக்ரோலிட்டர். பழுக்கும் வாழை, மா, கொய்யா, தக்காளி எல்லாம் 1 முதல் 10. ஆரஞ்சும் திராட்சையும் 0.1-க்கும் கீழே. ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அதனால் வாசனை வீசும் கனிந்த பப்பாளியோ ஆப்பிளோ முதல் தேர்வு. ஆனால் ஆப்பிளில் ஒரு சிக்கல். மாதக்கணக்கில் குளிர்கிடங்கில் இருக்க வேண்டிய ஆப்பிளுக்கு, எத்திலீன் ஏற்பிகளை அடைத்துவிடும் வேறொரு வாயுவைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்படி வந்த ஆப்பிள் பார்க்கப் பளபளவென்று இருக்கும், எத்திலீன் மட்டும் சொற்பமாகவே விடும். மூக்கருகே வைத்தால் மணக்காத, கல் போன்ற ஆப்பிள் இதற்கு உதவாது. ஆப்பிளுக்காகத் தனியாகக் காசு செலவழிக்கவும் வேண்டாம். நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழத்தைப் பச்சைக் காய்களுடன் போட்டாலே வேலை நடக்கும், கனிந்த கொய்யாவும் ஆகும்.

மூன்றாம் படி: காற்றை அடைப்பது, ஆனால் மூச்சு முட்டாமல்

அடைப்பது ஏன் அவசியம் என்று ஒரு சின்னக் கணக்கு சொல்லும். 150 கிராம் ஆப்பிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறைந்த அளவான 10 மைக்ரோலிட்டர் கணக்கிலேயே அது மணிக்கு 1.5 மைக்ரோலிட்டர் எத்திலீன் விடும். ஓர் அட்டைப் பெட்டியில் காய்கள் போக 5 லிட்டர் காற்று இருக்கிறது, கசிவே இல்லை என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் அங்கே பத்து லட்சத்தில் 0.3 பங்கு சேர்ந்துவிடும். விளைந்த வாழைக்கு 0.1 பங்கு வாக்கிலேயே உறைக்கத் தொடங்கும். பெட்டி கசிந்து பாதிக்கு மேல் வெளியே போனாலும், மணிக்கு மணி ஆப்பிள் புதிதாகத் தந்துகொண்டே இருக்கிறது.

அதே ஆப்பிளைப் பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் திறந்து வையுங்கள். அந்த அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று. ஜன்னல், கதவு எல்லாம் இறுக மூடி ஒரு நாள் முழுக்க விட்டாலும் சேர்வது 0.0013 பங்கு, அதாவது வாழைக்குத் தேவையானதில் சுமார் எண்பதில் ஒரு பங்குதான். ஜன்னலைத் திறந்துவிட்டால் அதுவும் போச்சு. கூடையில் பழங்கள் நெருக்கமாகக் குவிந்திருந்தால் இடுக்குகளில் வாயு சற்றுக் கூடுதலாகத் தேங்கலாம், கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். ஆனால் திறந்த கூடையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிடலாமே என்றால், கூடாது. காய் மூச்சுவிடுகிறது. 20 டிகிரியில் பழுத்துக்கொண்டிருக்கும் ஒரு கிலோ வாழை மணிக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடும் என்று வைத்துக்கொண்டால், 5 லிட்டர் காற்றில் அது மணிக்கு ஒரு சதவீதம். கார்பன் டை ஆக்சைடு கூடினால் எத்திலீனின் வேலை மந்தமாகும். ஆக்சிஜன் குறைந்தால் காய் தன் எத்திலீனைச் செய்ய முடியாது, முன்பே சொன்ன அந்தக் கடைசிப் படி நின்றுவிடும். பெரிய பழுக்க வைக்கும் அறைகளிலேயே அவ்வப்போது கதவைத் திறந்து காற்று மாற்றுவது இதற்காகத்தான். கட்டிய பையைப் பிரிக்கும்போது சாராய வாடையும், உள்ளே முத்து முத்தாகத் தண்ணீரும், காம்புப் பக்கம் வெள்ளைப் பூஞ்சையும் தெரிந்தால் மூச்சுமுட்டிவிட்டது என்று அர்த்தம்.

நல்ல வழி, பழுப்புக் காகிதப் பையின் வாயை இருமுறை மடித்துவிடுவது. அல்லது அட்டைப் பெட்டியின் மூடியை ஒட்டாமல் சாத்திவைப்பது. பானையில் வைத்து மேலே துணி கட்டுவதும் சரிதான். ஒரு டஜன் காய்க்குக் கனிந்த ஆப்பிள் ஒன்று அல்லது இரண்டு போதும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை திறந்து ஒரு நிமிடம் காற்றாட விட்டு மூடுங்கள். காய் ஈரமாக இருக்கக் கூடாது.

நான்காம் படி: சூட்டைக் கவனிப்பது

எத்திலீனைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பழுக்கும் வேகத்தில் துணைப் பழத்துக்கு இருக்கும் பங்கை விட வெப்பத்துக்குப் பங்கு அதிகம். வாழைக்குச் சுகமான நிலை 16 முதல் 20 டிகிரி வரை. நம் ஊர் வீடுகளில் அது மார்கழி, தை இரவுகளில் கிடைத்தால் உண்டு. மற்ற மாதங்களில் வீட்டிலேயே குளுமையான மூலை, தரைக்குப் பக்கம், வெயில் படாத இடம் என்று பார்த்து வைப்பதே செய்யக்கூடியது. அடுப்புக்கு மேல் பரணும் மொட்டைமாடி அறையும் வேண்டாம்.

சூடு கூடினால் என்ன ஆகும் என்பதைச் சென்னைக் கடைகளில் தொங்கும் "பச்சைப்பழம்" தினமும் காட்டுகிறது. ரோபஸ்டா என்ற கேவண்டிஷ் வகை அது. இந்த வகை 24, 25 டிகிரிக்கு மேல் பழுத்தால் சதை இளகி இனித்துவிடும், ஆனால் தோலின் பச்சையம் முழுதாகச் சிதையாது. அதே ரோபஸ்டாவைக் குளிரறையில் பழுக்க வைத்தால், சூப்பர் மார்க்கெட்டில் பார்க்கும் பளிச்சென்ற மஞ்சள் பழம் கிடைக்கும். வேறு இனமோ என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு, வேறில்லை. பூவன், ரஸ்தாளி, நேந்திரனில் இந்தத் தொல்லை பெரிதாகக் கிடையாது, கோடையிலும் மஞ்சளாகிவிடும். ஆகவே ரோபஸ்டாவைப் பெட்டியில் வைத்துவிட்டு நிறம் மாறக் காத்திருந்தால் குழைந்த பழம்தான் கிடைக்கும். அதை விரலால் லேசாக அழுத்தித்தான் பார்க்க வேண்டும்.

குளிரின் பக்கமும் எல்லை உண்டு. 13 டிகிரிக்குக் கீழே போனால் பச்சைக் காய்க்குக் குளிரடி படும். தோல் சாம்பல் பூத்தாற்போல மங்கும், உள்ளே பழுக்கும் இயந்திரமே கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜில் ஒருமுறை வைத்த பச்சைக் காயை வெளியே எடுத்து எத்தனை ஆப்பிள் துணைக்கு வைத்தாலும் நல்ல பழமாகாது.

ஐந்தாம் படி: எப்போது நிறுத்துவது

துணைப் பழத்தோடு ஒன்று முதல் இரண்டு நாள் போதும். பச்சை வெளிறத் தொடங்கியதும் ஆப்பிளை எடுத்துவிட்டு, காய்களையும் பையிலிருந்து எடுத்துக் காற்றாட வையுங்கள். அதற்கு மேல் அடைத்து வைத்தால் சூடும் ஈரமும் தேங்கிக் காம்பு அழுகும், சீப்பிலிருந்து பழங்கள் உதிரும். நிறம் வெளிறியதிலிருந்து சாப்பிடும் பக்குவம் வர, இனத்தையும் வெயிலையும் பொறுத்து இரண்டு முதல் நான்கு நாள் ஆகலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க

நம்பிக்கை வராதவர்கள் ஒரு சீப்பை வைத்தே பார்த்துவிடலாம். ஒரே சீப்பாக இருப்பது முக்கியம், வேறு சீப்பென்றால் காயின் வயதே மாறிவிடும். பழுக்கப் போடாத பன்னிரண்டு காய்ச் சீப்பை மூன்று மூன்றாகக் கொண்டைப் பகுதியோடு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு மூன்றைத் திறந்து வையுங்கள். ஒரு மூன்றை வெறும் காகிதப் பையில். ஒரு மூன்றைக் கனிந்த ஆப்பிளோடு பையில். கடைசி மூன்றை நல்ல ஆரஞ்சோடு பையில். எல்லாம் ஒரே அறையில், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று நாலைந்து அடி தள்ளி.

வெறும் பை எதற்கென்று கேட்கலாம். பை மட்டுமே வாழையின் சொந்த எத்திலீனைத் தேக்கிக் கொஞ்சம் முந்த வைக்கும். அதைக் கழித்துப் பார்த்தால்தான் ஆப்பிளின் பங்கு தெரியும். ஆப்பிள் பைதான் முதலில் வெளிற வேண்டும். ஆரஞ்சுப் பை வெறும் பையோடு ஏறக்குறைய சேர்ந்தே போக வேண்டும். ஆரஞ்சுப் பை முந்திக்கொண்டால் அந்த ஆரஞ்சைத் திருப்பிப் பாருங்கள், எங்காவது பச்சைப் பூஞ்சை பிடித்திருக்கும். நான்கும் ஒன்றாகவே மஞ்சளானால், கடைக்காரர் சொன்னது பொய், அந்தச் சீப்பு ஏற்கெனவே வாயு பட்டது.

தள்ளிப்போட வேண்டுமென்றால்

பழுக்காத காயைத் தள்ளிப்போட, கனிந்த பழங்களை அதோடு ஒரே பெட்டியில் வைக்காமல் இருந்தால் போதும். அடிபட்ட, வெடித்த காயையும் தனியே எடுத்துவிடுங்கள், காயம் பட்ட இடத்தில் எத்திலீன் அதிகம் உண்டாகும். தாரை நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுவதை நம்மவர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள், அதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. காம்பில் பிளாஸ்டிக் சுற்றினால் பழுக்காது என்று ஒரு குறிப்பு வலம் வருகிறது. எத்திலீன் காம்பில் மட்டும் உண்டாவதில்லை, பழம் முழுக்க உண்டாகிறது. ஒரு நுனியை மட்டும் மூடுவதில் பெரிய பயன் எதிர்பார்க்க முடியாது.

பழுத்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தோல் கறுத்துப் பார்க்கவே சகிக்காமல் போகும், உள்ளே சதை சில நாள் நன்றாகவே இருக்கும்.

கல் வேண்டாம்

பழுக்க வைக்கும் "கல்" என்று சொல்லப்படும் கால்சியம் கார்பைடு ஈரம் பட்டால் அசெட்டிலீன் விடும். அது எத்திலீனின் நெருங்கிய உறவு, அதே கதவை அரைகுறையாகத் திறக்கும். சிக்கல், கல்லோடு கலந்து வரும் ஆர்செனிக், பாஸ்பரஸ் கழிவுகளில் இருக்கிறது. அதனால்தான் பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கோ, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அனுமதி தந்தது. "கேஸ் அடித்த பழம்" என்று கேட்டதும் ஒதுக்க வேண்டியதில்லை. எந்த கேஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எத்திலீன் என்றால், தாரிலேயே பழுத்த பழமும் அதே வாயுவால்தான் பழுத்தது.